கேப்புக்குள் நடந்த பெண்

சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் எங்கள் ஸ்டூடியோ இருந்த கட்டடம் ஒரு காலத்தில் தொழிற்சாலை. தரையில் எண்ணெய்க் கறை போகவே இல்லை. மழைநாட்களில் அந்த மணம் லேசாக எழும்பும். மேசைகள் நிறைய இருந்தன, ஆட்கள் குறைவு. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கூட்டத்துக்கு வருவார்கள், கோப்பி குடிப்பார்கள், சிரிப்பார்கள், பின்னேரம் போய்விடுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு நாளும் டீட்டிகோனிலிருந்து ரயில் ஏறி அங்கே போனேன். என் வேலைக்குப் பெரிய கணினி வேண்டும், அதை வீட்டில் வைக்க முடியாது என்று காரணம் சொல்லுவேன். அது பொய்யில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான்.

அப்பா சூக்கில் ஓர் உணவகத்தின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை நின்றவர். ஓய்வு கிடைத்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு அண்ணாவிடம் போய்விட்டார். அங்கே பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே நான் இருந்தேன். கல்யாணம் என்று ஒன்று நடந்து, சத்தமில்லாமல் முடிந்தும் போயிருந்தது.

கணினியில் உருவாக்கிய மனிதர்களுக்கு உடுப்பு அசைவதைக் கணித்துக் கொடுப்பதுதான் என் வேலை. இதை அம்மாவுக்கு விளக்கப் பலமுறை முயன்றேன். கடைசியில் அவர் சொந்தக்காரர்களிடம், "மகள் துணி வேலை செய்யிறாள்" என்று சொல்லத் தொடங்கினார். ஒருநாள் கோயிலில் ஓர் அன்ரி என்னைத் தேடி வந்து, சேலைக்கு ஃபோல்ஸ் அடித்துத் தர எவ்வளவு எடுப்பேன் என்று கேட்டார். எனக்கு ஊசியில் நூல் கோக்கவும் ஒழுங்காக வராது என்றேன். அவர் நம்பவில்லை. பெருமை பிடித்தவள் என்று நினைத்திருப்பார்.

அந்த வருடம் மலைக்கிராமம் ஒன்றிலிருந்த சிறிய அருங்காட்சியகம் எங்களிடம் ஒரு வேலை தந்தது. பாதை போடுவதற்கு முந்திய காலத்தில் கணவாயைக் கால்நடையாகக் கடந்த பெண்களைப் பற்றிய காட்சி அது. நீளமான சுவர் முழுக்கத் திரை. அதில் ஆளுயரத்தில் ஒரு பெண் நடந்து போவாள். பார்க்க வந்தவர்கள் அவள் பக்கத்திலேயே நடக்கலாம். வழியில் ஓர் ஊற்றடியில் அவள் முழங்காலிட்டுத் தண்ணீர் குடித்து, எழுந்து, மறுபடி நடப்பாள். தோளிலிருந்து கெண்டைக்கால் வரை தொங்கும் கனமான கம்பளிப் போர்வை ஒன்று அவளுக்கு உண்டு. நாங்கள் அதைக் கேப் என்றுதான் சொன்னோம். அந்தக் கேப் என் பொறுப்பு.

துணி எப்படி விழும், எப்படி மடியும், எங்கே உடலில் பட்டு விலகும் என்பதையெல்லாம் கணினி கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும். அது மெதுவான வேலை. அருங்காட்சியகத்தில் இருந்த சாதாரணக் கணினியால் அந்தக் கணக்கை ஓடவிட்டுக்கொண்டே படத்தையும் காட்ட முடியாது. ஆகவே நான் இங்கே ஒருமுறை கணித்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் துணியின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நிற்கிறது என்பதைக் கோப்பில் எழுதிவைப்பேன். கேக் சுட்டு எடுப்பது போல, இதைப் பேக் பண்ணுவது என்போம். அங்கேயுள்ள கணினி அந்தக் கோப்பை வாசித்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஆனால் அப்படிப் பேக் பண்ணிய பிறகு கேப்புக்குக் கண் தெரியாது. உள்ளே இருக்கும் உடல் ஒரு விரலளவு அந்தப் பக்கம் நகர்ந்தாலும் துணி ஒதுங்காது. தோல் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கம்பளிக்கு நடுவே திடீரென்று இடுப்பு எட்டிப் பார்த்தால், பார்ப்பவர்களுக்கு மலையும் இல்லை, கணவாயும் இல்லை.

அந்தப் பெண்ணின் நடை எனக்கு வந்தபோது அவளுக்கு முகம் இல்லை. உடம்போடு ஒட்டிய உடையில் சின்னச் சின்னப் பந்துகளை ஒட்டிக்கொண்டு யாரோ ஒருவர் ஒரு மண்டபத்தில் நடந்திருந்தார். அந்த அசைவை மட்டும் எடுத்து ஒரு சாம்பல் நிற உடலில் ஏற்றியிருந்தார்கள். பெயர் இல்லை. பெண் என்பது மட்டும் தெரிந்தது.

முதல்முறை ஓடவிட்டுப் பார்த்தபோதே கண்டுகொண்டேன், அவர் நொண்டினார். பெரிய நொண்டல் இல்லை. இடது கால் தரையில் படும்போது உடம்பு ஒரு கணம் இடது பக்கம் சாயும். அந்தக் காலில் அதிகநேரம் நிற்காமல் வலது கால் அவசரமாக முன்னே வரும். வெறும் உடலில் பார்த்தால் கவனிக்காமலும் விடலாம். கேப்பைப் போட்டதும் அது பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு இடது அடிக்கும் கம்பளியின் ஓரம் ஒரு பக்கம் வீசி, திரும்பி வர முன்னரே அடுத்த அடி வந்து அதை நிறுத்தியது. எனக்கு அது பிடித்திருந்தது. சுமையோடு மலை ஏறும் பெண் அப்படித்தானே நடப்பாள் என்று நினைத்தேன்.

பல வாரங்கள் அவரோடு இருந்தேன். கைகளை இரண்டு பக்கமும் விரித்து நிற்கும் உடலுக்குக் கேப்பைப் போட்டு, அங்கிருந்து மெல்ல அவருடைய முதல் அடியின் நிலைக்குக் கொண்டுவந்து, துணி ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அதன்பிறகே நடக்க விட்டேன். துணி உடலில் படாமல் ஒரு மெல்லிய இடைவெளி வைத்தேன். இடைவெளி கூடினால் கேப் ஊதிப்போய் நிற்கும், குறைந்தால் தோல் எட்டிப்பார்க்கும். கம்பளிக்குப் பாரம் கூட்டினேன், குறைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் நடப்பதைப் பார்த்தபடி சாப்பிட்டேன். திங்கட்கிழமை போனால், இருட்டுத் திரையைத் தட்டியதும் முதலில் தெரிவது அவர்தான். யாரோடும் கதைக்காமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனால் அவர் இருந்தார்.

கஷ்டமான இடம் முழங்காலிடுவதுதான். உட்காரும்போது தொடையும் கெண்டைக்காலும் ஒன்றையொன்று நெரிக்கும்; கணினி உடலில் அவை ஒன்றுக்குள் ஒன்று போயும்விடும். அந்த இடுக்கில் கேப்பின் ஓரம் மாட்டிக்கொண்டால் துணிக்குப் போக்கிடம் இல்லை. ஒரு பக்கம் தள்ளினால் தொடைக்குள் போகும், மறுபக்கம் தள்ளினால் காலுக்குள் போகும். கணக்கு குழம்பி, துணி பைத்தியம் பிடித்த மாதிரித் துடிக்கும். எத்தனையோ வழி பார்த்துவிட்டு, அந்தப் பகுதியைப் பேக் பண்ணிய பிறகு ஃபிரேம் ஃபிரேமாகக் கையாலேயே மடிப்பு மடிப்பாகத் திருத்தினேன். முழங்காலிடும் அந்த நேரத்தில் அவர் இடது கையைத் தொடைப்பக்கம் இறக்கி, விரல்களை மூடி, சற்று மேலே தூக்குவார். நோகும் இடுப்பைப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடித்துக் கோப்பைக் கொடுத்தேன். நல்லாயிருக்கிறது என்றார்கள். ஒப்படைக்கும் நாள் கிட்ட வந்தபோது, அருங்காட்சியகத்துக்கு அனுப்பவிருந்த கணினியைக் கொண்டுவந்து பெரிய திரையில் முழுதாக ஓடவிட்டோம். தோல் எட்டிப் பார்த்தது.

முதலில் முழங்காலில் பார்த்தேன். அடி எடுத்து வைக்கும்போது ஒரு மின்னல் போல. அதற்குக் காரணம் சீக்கிரம் பிடிபட்டது. நான் சேமித்து வைத்ததைவிட இரண்டு மடங்கு ஃபிரேம்களை அந்தத் திரை காட்டியது. இடையிலுள்ள படத்துக்கு அது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் துணியை நேர்கோட்டில் நகர்த்தியது. காலோ எலும்பைச் சுற்றி வளைவாக வந்தது. நேர்கோடு வளைவுக்கு உள்ளே விழும். துணி உள்ளே போக, முழங்கால் வெளியே வந்தது. இடைப்பட்ட நிலைகளையும் சேர்த்துச் சேமித்தேன். முழங்கால் மறைந்தது.

வலது இடுப்பு மறையவில்லை. துணிக்கு நடுவே கை அகலத்துக்குத் தோல். கழுத்துப்பட்டியும் இடது தோளில் லேசாக எழும்பி நின்றது. இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன், கணக்கின் படிகளைச் சின்னதாக்கிப் பார்த்தேன். என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. பெரிய திரையில் மட்டும் பிழையாக வந்தது. பிறகுதான் கவனித்தேன், இடது காலை வைக்கும்போது மட்டுமே வலது இடுப்பு எட்டிப் பார்த்தது.

என் சாம்பல் உடலையும் பெரிய திரையில் ஓடிய உடலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரிய திரையில் ஓடியதற்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். நடக்க விட்டேன். வலது அடியில் இரண்டும் ஒன்றாக இருந்தன. இடது அடியில் சாம்பல் சாய்ந்தது. சிவப்பு சாயவில்லை.

அந்த மத்தியானம் நான் வேறொன்றும் செய்யவில்லை. அவர் நடையை யாரோ நிமிர்த்தியிருந்தார்கள். கேப் மட்டும் பழையபடி சாய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சாய்வில்லாத உடல் அதன் வலது பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. காரணம் கிடைத்த நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரை எனக்குச் சொல்லாமல் எங்கேயோ அனுப்பிவிட்டது போல இருந்தது.

அசைவுகளைத் திருத்துபவர் லோசானில் இருந்தார், பிரெஞ்சு பேசும் இளைஞர். அழைத்தேன். என்னிடம் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். நான் பேக் பண்ணி முடித்த பிறகே அந்தத் திருத்தம் வந்ததாம்; யாரோ எனக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாராம். செய்யச் சொன்னது இந்தக் காட்சியின் இயக்குநர் என்றார்.

செவ்வாய்க்கிழமை இயக்குநர் வந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன். பேர்ன்காரர், மெதுவாகப் பேசுபவர். பழைய நடையையே வைத்துக்கொள்வோம் என்று கேட்டேன். என் வேலை மிச்சமாகும் என்பதற்காகக் கேட்கவில்லை, அந்த நடையில் உயிர் இருக்கிறது என்றேன். நேராக நடப்பவள் கடைத்தெருவில் நடப்பவள் மாதிரி இருக்கிறாள் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எனக்கும் பழையதுதான் பிடித்தது," என்றார். "ஆனால் நடந்தவரே அதை எடுக்கச் சொன்னார்."

அவர் தொடர்ந்து, நடந்தவர் சூரிச்சில் ஒரு சிறிய நாடகக் குழுவில் நடிப்பவர் என்றும், என்னைப் போல ஒரு தமிழ்ப் பெண் என்றும் சொன்னார். வேண்டுமானால் அவரிடம் கேட்டுவிட்டு இலக்கத்தைத் தருவதாகவும் சொன்னார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பின்னேரம் அவர் புறப்படும்போது போய், கேட்டுப் பாருங்கள் என்றேன்.

சனிக்கிழமை டீட்டிகோன் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கபேயில் சந்திப்பதாக ஏற்பாடு. தொலைபேசியில் அவர் குரல் உறுதியாக இருந்தது. தன்னை எப்படி அடையாளம் காண்பேன் என்று கேட்டார். பச்சை ஜாக்கெட் போட்டு வருவதாகவும் சொன்னார். சரி அக்கா என்றேன்.

நான் நேரத்துக்கு முன்பே போய் ஸ்டேஷன் சுரங்கப்பாதையின் வாயிலில் நின்றேன். ரயில் வந்து சனம் மொத்தமாக வெளியே வந்தது. சாமான் பைகள், குழந்தை வண்டிகள், குடைகள். அந்தக் கூட்டத்துக்குள், முகங்கள் தெரிய முன்னரே, ஒரு தோள் இடது பக்கம் சாய்ந்து எழும்புவதைக் கண்டேன். ஜாக்கெட்டின் நிறத்தை நான் பார்க்கவே இல்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதேமாதிரி விழுந்தது. அடுத்ததும். அவர் கிட்ட வந்த பிறகே கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஐம்பது தாண்டியிருக்கும். நரையை மறைக்காத, சிரிப்பு சட்டென்று வரும் முகம். இத்தனை நாள் முகமில்லாமல் பழகியதால் அந்த முகம் எனக்கு அந்நியமாக இருந்தது. கபேயில் உட்கார்ந்து, எந்த ஊர், எப்போது வந்தது, அப்பா அம்மா எங்கே என்ற எல்லாவற்றையும் கேட்டார். கோண்டாவில்காரர். பகலில் கடையொன்றில் வேலை, கிழமையில் இரண்டு பின்னேரங்கள் நாடகம். இங்கே பிறந்து வளர்ந்த மகள் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கணவர் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார்.

நான் தயங்கித் தயங்கி, அந்த நடையைப் பற்றிச் சொன்னேன். கேப்பில் அது எவ்வளவு நன்றாகத் தெரிந்தது என்று சொன்னேன். வாரக்கணக்காகப் பார்த்தேன் என்றும் சொன்னேன். அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"முகம் தெரியாது எண்டு சொன்னபடியாத்தான் பிள்ளை நான் ஓம் எண்டனான்," என்றார். "நான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சன்."

மன்னியுங்கோ அக்கா என்றேன். அவர் கையை ஆட்டி அதை ஒதுக்கினார்.

"ஒரு பனிக்காலம் பஸ் தரிப்பிடத்தில வழுக்கி இடுப்பு முறிஞ்சது. வெட்டித் தகடு வைச்சவை. அதுக்குப் பிறகு உந்த நடைதான். கடையில சனம் பாக்கும். நாடகத்திலயும் எனக்கெண்டு வாறது நொண்டிக் கிழவிதான். நல்லாத்தான் செய்யிறன். ஆனா உங்கட இயக்குநர் ஒருக்கால் உந்தப் படத்தை ரெலிபோனில அனுப்பினவர். சாம்பல் பொம்மை ஒண்டு நடக்குது. முகமில்லை, உடுப்பில்லை, என்ர நொண்டல் மட்டும் இருக்குது."

அவர் கோப்பையைச் சுற்றினார்.

"அதை எடுக்கலாமோ எண்டு கேட்டன். எடுக்கலாம் எண்டார். அவ்வளவுதான். அந்தச் சுவரில எண்டாலும் நான் நேரா நடக்கிறனே."

உயிர், கடைத்தெரு என்று இயக்குநரிடம் சொன்ன சொற்களை அவருக்கு முன்னால் வைக்க முடியவில்லை. சரி அக்கா, புது நடைக்குக் கேப்பைத் திரும்பச் செய்கிறேன் என்றேன். அது கனக்க வேலையோ என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று விடாமல் கேட்டதால், கையால் திருத்திய அந்த முழங்காலிடும் இடத்தைப் பற்றிச் சொன்னேன். திரும்பப் பேக் பண்ணினால் அந்தத் திருத்தங்கள் ஒன்றும் பொருந்தாது, துணி மறுபடியும் காலிடுக்கில் மாட்டும் என்றேன்.

"ஏன் மாட்டுது?" என்றார். "நான் தூக்கிப் பிடிச்சனானெல்லோ."

எனக்கு விளங்கவில்லை. அவர் நாற்காலியில் இருந்தபடியே இடது கையை இறக்கி, விரல்களை மூடி, மேலே தூக்கிக் காட்டினார். நான் எத்தனையோ முறை பார்த்த அதே அசைவு.

"அண்டைக்குப் போர்வை தரேல்லை. இருக்கிற மாதிரி நினைச்சு நட எண்டினம். சேலை கட்டிக்கொண்டு குந்தேக்க என்ன செய்வம்? மிதிபடாமல் ஒரு பக்கம் அள்ளித் தூக்குவம். அதைத்தான் செய்தனான்."

அவர் இடுப்பைப் பிடிக்கவில்லை. இல்லாத கேப்பைப் பிடித்திருந்தார். அந்தக் கையில் நான் துணியைக் கொடுக்கவே இல்லை.

நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே. பிறகு நேரமாகிறது என்று எழுந்தார். மகளுக்குச் சமைக்க வேண்டுமாம். கபேக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் ஸ்டேஷன் பக்கம் போவதைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை புதிய நடையை இறக்கினேன். முதலில் லோசான் இளைஞரை அழைத்து, இனி இதில் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சத்தியம் செய்தார். நல்லகாலம், நிமிர்த்தும்போது அவர் அக்காவின் இடது கையைத் தொடாமல் விட்டிருந்தார். கேப்பைப் போட்டு, ஆடி அடங்க விட்டு, நடக்க விட்டேன். முழங்காலிடத் தொடங்கும் இடத்தில், அவர் விரல்கள் மூடும் நேரம், கேப்பின் ஓரத்தில் ஒரு கைப்பிடிப் புள்ளிகளை அந்தக் கையோடு கட்டினேன். சட்டென்று கட்டினால் துணி வெட்டி இழுக்கும்; ஆகவே பிடி மெல்ல இறுகி, எழுந்தபின் மெல்லத் தளரும்படி வைத்தேன். கை மேலே போனது. கம்பளி அதோடு எழும்பி, தொடைக்கு வெளியே கொத்தாக மடிந்து நின்றது. காலிடுக்கில் மாட்ட அங்கே துணியே இருக்கவில்லை. எழுந்ததும் பிடி விட, ஓரம் கீழே விழுந்து கெண்டைக்காலில் அடித்து அடங்கியது. வாரக்கணக்காக நான் கையால் மடித்ததைவிட அது நன்றாக இருந்தது.

பேக் முடிந்ததும், உடலுக்குள் போகும் புள்ளிகள் எல்லாம் சிவப்பாகத் தெரியும்படி வைத்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடவிட்டேன். சிவப்பு எங்கேயும் வரவில்லை. அருங்காட்சியகத்துக் கணினியிலும் ஓடவிட்டேன். அங்கேயும் இல்லை. இயக்குநர் வந்து பார்த்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். ஸ்டூடியோ மறுபடியும் காலியானது.

திரையில் நேராக நடந்த பெண்ணை எனக்குத் தெரியாது. இடது அடியில் கேப் வீசி, முழுதாகத் திரும்பி வந்து, அமைதியாக விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. பழைய நடையின் கோப்புகள் இன்னும் என்னிடம் இருந்தன. அழிக்க ஒருவரும் சொல்லவில்லை, இடமும் போதுமானதாக இருந்தது. ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று திறக்கப் போனேன். தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்துத்தானே அவர் நடந்தார். திறக்காமலே அழித்தேன். அதன்பிறகு சில நாட்கள் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே தண்டவாளப் பக்கத்து மரவாங்கில் போய் இருந்து சாப்பிட்டேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ரயிலும் ஒரு தபால் பஸ்ஸும் மாறிப் போனேன். கிராமசபைத் தலைவர் பேசினார், பாலாடைக்கட்டியும் வைனும் கொடுத்தார்கள். பிள்ளைகள் திரைக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணோடு ஓடினார்கள். கேப்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வேலையில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. ஒருவரும் கவனிக்காவிட்டால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா கணவரோடும் மகளோடும் வந்திருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார், வீட்டாருக்கு அறிமுகப்படுத்தவில்லை. நானும் தள்ளியே நின்றேன். திரையில் அந்தப் பெண் தொலைவில் தோன்றியதும், அக்கா சுவரோரம் போய் அவளுக்குச் சமமாக நடந்தார். ஒருத்தி நேராக, ஒருத்தி சாய்ந்து சாய்ந்து. ஊற்றடிக்கு வந்ததும் திரையில் இருந்தவள் கேப்பை அள்ளிப் பிடித்து முழங்காலிட்டாள். அக்கா நின்று பார்த்தார்.

மகள் பின்னால் நின்று, "அம்மா, உது உங்களைப் போலவே இல்லை," என்றாள், கொஞ்சம் குறையாக.

"ஓம்," என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று மகளுக்குத் தெரிந்திருக்காது.

வெளியே வரும்போது என் பக்கமாக வந்து, குரலைத் தாழ்த்தி, "போர்வையைக் கையில சரியாத் தந்திருக்கிறீர்," என்றார். காரில் இடம் இருக்கிறது, டீட்டிகோனில் இறக்கிவிடுகிறோம் என்றும் கேட்டார். நான் ரயில் ரிக்கெற் எடுத்துவிட்டதாகச் சொன்னேன். அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் ஏறியிருப்பேன். கார் திரும்பி, இறக்கத்தில் போய், முதல் வளைவில் மறைந்தது.

பஸ் வர நேரம் இருந்தது. தரிப்பிடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. மலையின் மேல்பாதியில் மட்டும் வெயில் நின்றது. அப்போது அம்மா அழைத்தார். அங்கே காலைச் சாப்பாடு முடிந்திருக்கும், பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. இன்றைக்கு உன் துணி வேலையைக் காட்டுகிற நாளல்லவா, எப்படி நடந்தது என்று கேட்டார்.

"வடிவா நடந்தது அம்மா," என்றேன்.

அவர் அடுத்ததாக, குளிருக்கு ஏதும் போட்டிருக்கிறாயா என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது.